நானூற்று முப்பதை முந்நூற்று அறுபது என்று எழுதியவள்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த ஒரே தகுதிக்காகத்தான் கடலூர் சிப்காட் பக்கம் இருந்த அந்தச் சின்ன கம்பெனியில் டெம்பரேச்சர் ரிஜிஸ்டரை என்னிடம் கொடுத்தார்கள். மோட்டார் கன்ட்ரோல் போர்டுகளுக்குக் கையால் சால்டரிங் செய்யும் இடம். பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு சால்டரிங் அயர்ன். காலையில் எல்லோரும் உட்காரும் முன்பு ஒவ்வொரு அயர்னின் சுடும் நுனியையும், அதாவது டிப்பையும், ஒரு சின்ன மீட்டரின் சென்சாரில் வைத்து, மீட்டர் காட்டும் சூட்டை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் வேலையில் பெருமைப்படக் கூடிய பகுதி அது ஒன்றுதான். அதிலும் மண்ணைப் போட்டேன்.

எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு அக்கா. பழைய டவுன் பக்கத்து மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர், கழுத்தில் சின்னச் சிலுவை. கணவருக்கு உடம்பு சரியில்லை. இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பு அவர் கையில் இருந்தது. அந்தக் கை போல இன்னொரு கையை நான் பார்த்ததில்லை. டிப்பை வைப்பார், கம்பியைத் தொடுவார், எடுப்பார். மூன்று விநாடி. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். பொறாமையாக இருக்கும், அவ்வளவுதான்.

அதுவரை நாங்கள் சாதாரண ஈயத்தில் வேலை செய்தோம். சால்டர் கம்பியை நாங்கள் ஈயம் என்றுதான் சொல்வோம். நூற்று எண்பத்து மூன்று டிகிரியில் உருகிவிடும். டிப்பை முந்நூற்று முப்பதில் வைத்தால் போதும், ஜாயின்ட் கண்ணாடி மாதிரி மின்னும். பிறகு வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. அவர்களுக்கு ஈயமே கலக்காத கம்பி வேண்டும். "ஈயம் இல்லாத ஈயம்" என்று நாங்கள் சிரித்தோம். அது உருக இருநூற்று இருபது வரை போக வேண்டும். அதனால் டிப்பை முந்நூற்று அறுபதில் வைக்கும்படி அந்த வேலைக்கான தாளிலேயே அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் பழைய ஈயத்தில் ஊறிய மனிதர். மின்னாத ஜாயின்ட் அவருக்குக் கெட்ட ஜாயின்ட். புதுக் கம்பியின் ஜாயின்டோ நன்றாகப் பிடித்திருந்தாலும் மங்கலாகத்தான் இருக்கும். அதன் குணமே அது. அவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னாம்மா இது, சாம்பலடிச்ச மாதிரி கீது? சூடு பத்தல. ஏத்தி வைங்க."

"சார், இந்தக் கம்பி இப்படித்தான் இருக்கும்" என்றார் அக்கா. "ஓரத்துல பாருங்க, நல்லா பரவியிருக்கு."

"எனக்கே பாடமா? மறுபடியும் தொட்டு எடு."

அயர்ன்களின் சூட்டை மாற்றும் பெட்டியின் பூட்டுச் சாவி அவரிடம். பன்னிரண்டையும் நானூற்று முப்பதுக்கு ஏற்றினார். நல்ல ஜாயின்டுகளை மறுபடி சுட்டோம். அன்றைக்கே விளைவு தெரிந்துவிட்டது. கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் பிசின் பரவுவதற்குள் புகைந்து தீர்ந்தது. போர்டில் கருப்புப் பிசின் ஒட்டியது. எடுக்கும்போது ஜாயின்ட் முள் மாதிரி நீட்டிக்கொண்டது, மேல் பக்கம் சொரசொரப்பானது. டிப் கறுத்துப்போய், ஈயத்தைத் தொட்டால் அது ஒட்டாமல் உருண்டை கட்டி உதிர்ந்தது. பச்சைப் போர்டு பழுப்பானது. அதிகச் சூட்டால் வந்த அந்தச் சொரசொரப்பையும் பார்த்துவிட்டு, அவர் இன்னும் சூடு பத்தவில்லை என்றார். இப்படி ஒரு மூடத்தனத்துக்குக் கீழே நாங்கள் பன்னிரண்டு பேர் குனிந்து வேலை செய்தோம்.

மறுநாள் காலை மீட்டர் நானூற்று முப்பத்திரண்டு காட்டியது. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பின்னால் வந்தார்.

"தாள்ல என்னா போட்டுருக்கோ அத்த எழுதும்மா. ஆடிட்டு வந்தா வம்பு."

எழுதினேன். 360. அழகாக எழுதினேன். யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. ஐந்து வாரம், பன்னிரண்டு அயர்னுக்கும் எழுதினேன். வேலை போய்விடும் என்று பயம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ரிஜிஸ்டர் கையில் இருப்பதால் மற்றவர்களைவிட ஒரு படி மேலே இருப்பதாக ஒரு நினைப்பு. அதை விட மனமில்லை.

வாங்கியவர்களிடமிருந்து போர்டுகள் திரும்பி வந்தன. ஓட்டையைச் சுற்றியிருக்கும் செம்புத் தகடு, பேட் என்பார்களே, அது போர்டை விட்டு உரிந்து எழும்பியிருந்தது. தகட்டைப் பிடித்திருக்கும் பசை கருகினால் அப்படித்தான் ஆகும். உரிந்த பேட் மறுபடி ஒட்டாது. போர்டுகளில் இருந்த எண்ணை வைத்துப் பார்த்ததில் பெரும்பாலானவை அக்காவின் மேசையில் செய்தவை. ஆகாமல் என்ன செய்யும்? எங்களில் அதிகம் செய்தவர் அவர்தான்.

மேனேஜர் அறையில் அவரையும் என்னையும் நிற்க வைத்தார்கள். சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பே எல்லா அயர்னையும் அவர் முந்நூற்று அறுபதுக்கு இறக்கிவிட்டார். மேனேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். என் முத்தான 360கள் பக்கம் பக்கமாக நின்றன.

"சூடு சரியா இருக்கு. அப்ப இவங்க கைதான் அழுத்தி வச்சிருக்கு" என்றார் சூப்பர்வைசர்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மேனேஜர், "ரீடிங் நீதானம்மா எடுத்த?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

அவ்வளவுதான் சொன்னேன். அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்று மதியமே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் என்னை லைன் லீடர் ஆக்கினார்கள். வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

கல்யாணம் ஆகி சிதம்பரம் வந்த பிறகு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். போன ஐப்பசி மழையில் ஒருவர் இண்டக்‌ஷன் அடுப்பைப் பையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. கழுத்தில் அதே சிலுவை. மகள் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாம், அவளோடு இருக்கிறாராம். என்னை உடனே தெரிந்துகொண்டார். நான்தான் அடுப்பின் திருகைக் கழற்றத் தெரியாதவள் மாதிரி தடுமாறினேன்.

போர்டைப் பார்த்தோம். முன்பு யாரோ கண்டபடி சுட்டிருந்தார்கள். ஒரு பேட் உரிந்து நின்றது. நான் மெல்லிய கம்பி ஒன்றை அந்தப் பேட்டில் நின்ற பாகத்தின் காலிலிருந்து செம்புத் தடத்தின் நல்ல பகுதிக்கு இழுத்து, முந்நூற்று முப்பதில் வைத்து ஒட்டினேன். அவர் கவனித்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் பேச வாய் வந்தது.

"அக்கா, அன்னிக்கு மீட்டர்ல நானூத்தி முப்பது இருந்துச்சு. நான்தான் மாத்தி எழுதுனேன்."

"தெரியும்டி. பக்கத்து சேர்ல ஒக்காந்துருந்தவளுக்கு மீட்டர் தெரியாதா?"

அயர்னை ஸ்டாண்டில் வைத்தேன்.

"அப்ப ஏங்க்கா நீங்க சொல்லல?"

"நான் சொன்னா மாட்டிக்கினவ பேச்சுன்னு வுட்ருப்பாங்க. ரீடிங் எடுத்தவ நீ. நீ சொல்லுவன்னுதான் உன் மொகத்தையே பாத்துக்கினு நின்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு, "சூட்ட இப்ப சரியா வக்கிற" என்றார். குடையை விரித்துப் போய்விட்டார்.