தலைப்பாகைக்கு இடம் எங்கே

அங்கன்வாடியில் நான் உதவியாளர். பத்தாவது தேறினால்தான் பணியாளர் வேலைக்கு மனு போட முடியும். தனித்தேர்வில் எல்லாப் பாடமும் தேறிவிட்டது, சமூக அறிவியலைத் தவிர. காரவள்ளியில் பலாச்சுளை விற்கும் தோழிக்கும் அதே கதைதான். புத்தகம் அவளிடம் இருந்தது. வரலாற்றுப் பாடத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து செல்போனில் அனுப்பினாள். எல்லாப் படத்திலும் தாளின் அடிப்பக்கம் வெட்டுப்பட்டு, பக்க எண் தெரியாமல் இருந்தது.

பத்தி பத்தியாக மனப்பாடம் செய்து இரண்டு முறை கோட்டை விட்டவள் நான். இந்த முறை வேறு மாதிரி எழுதினேன். முக்கியமானது ஓரத்தில், அதன் பிரிவுகள் ஒரு விரல் தள்ளி, விவரங்கள் இரண்டு விரல் தள்ளி. ‘பாளையக்காரர் கிளர்ச்சி’ ஓரத்தில் உட்கார்ந்தது. ‘காரணங்கள்’, ‘விளைவுகள்’ ஒரு விரல் உள்ளே. விளைவுகளுக்குக் கீழே கோட்டைகளை இடித்தது, பாளையக்காரர் முறையை ஒழித்தது. சுகமாகத்தான் போனது.

அடுத்த படத்தின் முதல் வரியில் புதுத் தலைப்பாகை வந்தது. காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று உத்தரவு. இது எதன் கீழ்? விளைவுகளில் வைத்தேன். தோற்றவனுக்குத் தலைப்பாகை மாட்டுவதும் ஒரு தண்டனையா? பிறகு சிப்பாய்கள் கொதித்தார்கள் என்றது. தாடியை இழந்தவன் பாளையக்காரன், இந்தச் சிப்பாய்க்கு ஏன் கோபம்? அழித்துக் காரணங்களுக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் ஒட்டவில்லை. ரப்பர் தேய்த்துத் தாள் கிழிந்தது. எனக்கு மண்டை காய்ந்தது, அழுகையே வந்துவிட்டது. இந்த லட்சணத்தில் இந்த முறையும் போச்சு என்று நினைத்தேன்.

தோழியைக் கூப்பிட்டேன்.

“ஏங்கண்ணு, இந்தத் தலைப்பாகைக்கு மேல ஒரு தலைப்பு இருக்கோணுமே? நடுவுல பக்கம் எதாச்சும் உட்டுட்டயா?”

“இல்லீங்க்கா, ஒன்னு உடாம எடுத்தனுங்க.”

“அந்தத் தாளைத் தடவிப் பாரு சாமி.”

தாளை விரலால் தேய்க்கும் சத்தம் கேட்டது.

“தடியா இருக்குதுங்க்கா. ரெண்டு தாளு பலாப்பாலுல ஒட்டிக்கிச்சு. போன சீசன்ல கடையில வச்சுப் படிச்சனுங்க.”

எண்ணெய் தொட்டுப் பிரித்துப் படம் அனுப்பினாள். அரைகுறையாகக் கிழிந்த பக்கத்தின் மேலே ‘வேலூர் புரட்சி’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. புது ஓரம், புதுக் காரணங்கள். தலைப்பாகையை அங்கே இறக்கி வைத்தேன். சிப்பாய்களின் கோபமும் உடனே விளங்கிவிட்டது.

தலைப்பாகை சிப்பாய்களுக்குத்தான் என்று சந்தோஷத்தில் அவளிடம் படபடவென்று சொன்னேன்.

“அக்கா,” என்றாள். “பாளையக்காரங்களுக்குத் தண்டனையாத் தலைப்பாகை மாட்டி உட்டாங்கன்னு போன பரீட்சையில ஒரு பக்கம் எழுதுனனுங்க.”

அந்தப் பரீட்சையில் இரண்டே மார்க்கில் தவறிப்போனவள் அவள்.