அறிவித்தலில் நான் விழுங்கிய வரி

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அறிவித்தலை அச்சடிக்க ஏது வசதி? டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு தாளில் பார்த்தெழுதி, வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்குச் சளிக்காய்ச்சல். எனக்கும் காலையிலிருந்தே தொண்டை எரிந்தது, கை நடுங்கியது.

"கொடுடி இங்கிட்டு, கோழி கிண்டுன மாதிரி எழுதுற" என்று என்னுடையதையும் பக்கத்தில் உட்காரும் என் கூட்டாளியே எழுதித் தந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் குடும்பத்தோடு இலங்கையை விட்டு ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிறாள். பாஸ்போர்ட் வந்து, சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. மிச்சமிருந்த நாட்களிலாவது பெஞ்சில் அவளை உரசிக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

கொழுந்தெடுத்துவிட்டு வந்த அம்மா, "என்னா எழுதியிருக்கு? படி பாப்போம்" என்றாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் அடுப்போரம் நின்று படித்தேன். இருமும்போது வாயைத் துணியால் மூடவும். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவும். கொதித்தாறிய நீரைக் குடிக்கவும். ஒரே கோப்பையில் பலர் குடிக்க வேண்டாம்.

அடுத்த வரி: 'காய்ச்சல் உள்ள பிள்ளையைக் குணமாகும்வரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்.' அதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சுடுதேடி!"

"அடுப்புச் சூடும்மா."

நம்பினாள், பாவம். படித்துக் காட்டியதை எல்லாம் எழுத்துப் பிசகாமல் செய்தாள். எனக்கென்று தனிக் கோப்பை, இருமினால் பிடித்துக்கொள்ள பழைய சேலைக் கிழிசல். கள்ளி நான், செவ்வாயும் புதனும் பள்ளிக்கூடம் போனேன். கூட்டாளியை ஒட்டி உட்கார்ந்து, அவள் தோளில் தலை சாய்த்து, கிழிசலுக்குள் இருமினேன். அந்த இரண்டு நாள் மாதிரி சந்தோஷம் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

வியாழக்கிழமை அவள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தெமோதரை ஸ்டேஷனில் அவள் அப்பா அவளைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டிருந்தார். "நேத்துலயிருந்து நெருப்பா கொதிக்குது. கப்பலுக்கு நாள் குறிச்சாச்சு, என்னா பண்றது?" என்று என் அம்மாவிடம் சொல்லி அழுதாள் அவள் அம்மா. என் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூட்டாளியின் காலைப் பிடித்து உலுக்கினேன். கண் திறக்கவில்லை. அவளோடு ஒரு வார்த்தை பேசுமுன்னே ரயில் போய்விட்டது.

கடிதம் வரும் என்று எத்தனையோ வருஷம் காத்திருந்தேன். வரவில்லை. அவள் பிழைத்தாளா, கல்யாணம் கட்டினாளா, ஒன்றும் தெரியாது. ஒரு தரம் பார்த்துவிட மாட்டோமா என்று இந்த வயதிலும் மனசு அடித்துக்கொள்கிறது.

அவள் கைப்பட எழுதியதாக எனக்கென்று இருப்பது அந்த அறிவித்தல் தாள் ஒன்றுதான். மடிப்பில் கிழிந்துவிட்டது. இப்போதெல்லாம் எந்த வரியையும் விடாமல் படிக்கிறேன். நான் விழுங்கிய வரியைத்தான் அவள் எல்லாவற்றையும்விட அழகாக எழுதியிருக்கிறாள்.