தெர்மாமீட்டரைக் கிழித்த சலவை அக்கா

எங்கள் சனிக்கிழமை மேலாண்மை டிப்ளமோ வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை சலவை அக்காவுடையது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் பதினோரு வருடமாக அவள்தான் பொறுப்பு. பொறுப்பென்றால் வேலை மட்டும்தான், பதவி இல்லை. டிப்ளமோ முடித்தால் பதவி உனக்கு, இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்போம் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. மற்ற பாடங்களை எல்லாம் எப்படியோ முட்டி மோதித் தாண்டிவிட்டாள். இந்த ஒரு பாடத்தில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு.

அக்காவுக்குத் தெரியாது என்றில்லை. எழுத வராது. என்னிடம் வாயால் அரை மணி நேரம் விளக்குவாள். பேனாவைக் கையில் கொடுத்தால் ஏழு வரியோடு நின்றுவிடும். "மண்டையில இருக்குடி, கைக்கு வர மாட்டேங்குது" என்பாள். திருத்துகிறவர்களுக்கு மண்டையா தெரியும்?

இந்த முறை வந்த புது விரிவுரையாளர் எழுத்துத் தேர்வையே தூக்கிவிட்டார். அவர் ஒன்றரை மணி நேரம் பேசுவார். அதன்பின் எங்களுக்கு ஒரு மணி நேரம். கேட்டதை ஒரே ஒரு ஏ4 தாளில் ஸ்கெட்ச்நோட்டாக, அதாவது படமும் சொல்லுமாகக் கலந்த சுருக்கமாகத் தர வேண்டும். ஐம்பதுக்கு இருபத்தைந்து எடுத்தால் பாஸ்.

"அழகா வரையத் தேவையில்ல. வட்டம், கட்டம், அம்பு, குச்சி மனுஷன், இவ்வளவு போதும். பெரிய விஷயம் பெரிய எழுத்துல, சின்ன விஷயம் சின்ன எழுத்துல. பத்தி பத்தியா எழுதினா மார்க் கிடையாது. இன்னைக்குக் கிளாஸுக்கு வராத ஒருத்தர் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு எனக்கு விளக்கணும். அதுதான் பரீட்சை" என்றார் மேடம்.

தலைப்பு, இரு காரணிக் கோட்பாடு. மனிதர்களுக்கு வேலையில் எதனால் மனக்குறை வருகிறது, எதனால் மனநிறைவு வருகிறது என்பது விஷயம். சம்பளம், விதிமுறைகள், மேலதிகாரி நடந்துகொள்ளும் விதம், வேலையிடத்து வசதி என்று மேடம் ஒரு பட்டியல் போட்டார். சாதனை, பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி, வேலையின் சுவை என்று இன்னொன்று போட்டார். நான் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். கேட்டதை வரி வரியாகக் குறிப்பது என் பிறவிக் குணம். நாலு பக்கம் கிறுக்கித் தள்ளினேன்.

அக்கா மேடம் பேசும்போதே நேராக நல்ல தாளில் மை பேனாவால் இறங்கிவிட்டாள். அங்கேதான் வினை. தாள் நடுவே பெரிய தெர்மாமீட்டர். அடியில் அழுமூஞ்சி, உச்சியில் சிரித்த முகம். கீழே சம்பளமும் விதிமுறையும், மேலே பாராட்டும் வளர்ச்சியும். சிவப்பு மையில் பாதரசம், சாம்பல் பேனாவால் நிழல். சத்தியமாகச் சொல்கிறேன், சட்டம் போட்டு மாட்டலாம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பேச்சின் கடைசிப் பத்து நிமிடத்தில் மேடம் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இத நல்லா கவனிங்க. இது ரெண்டும் ஒரே கோட்டோட ரெண்டு முனை இல்ல. மனக்குறைக்கு எதிர்ப்பதம் மனநிறைவு இல்ல, 'மனக்குறை இல்லாத நிலை', அவ்வளவுதான். ரெண்டும் தனித்தனி அளவுகோல். சம்பளத்தையும் வசதியையும் சரி பண்ணினா புலம்பல் அடங்கும். வேலை மேல பிடிப்பு வந்துடாது. அதுக்கு வேற காரணிகள் வேணும்."

அக்காவின் பேனா நின்றுவிட்டது. ஒரே தெர்மாமீட்டர் என்றால் ஒரே கோடு. படம் முழுக்க எந்தத் தப்பைச் செய்யக்கூடாதோ அதையே சிவப்பு மையில் சொல்லிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஓரத்துல ஒரு குறிப்பு எழுதிடு. 'ரெண்டும் வேற வேற'ன்னு. யாரு உத்துப் பார்க்கப் போறா?" என்றேன்.

"படம் ஒண்ணு சொல்லும், குறிப்பு ஒண்ணு சொல்லும். பார்க்கிறவ எதை நம்புவா?"

"இவ்வளவு அழகா வந்திருக்கே!"

"அழகா இருக்கிற தப்புடி" என்று தாளை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசி வாய்ப்பில் இந்த வீம்பு தேவையா? திட்டத் தொடங்கினேன். "நீ உன் நாலு பக்கத்தைச் சுருக்கற வேலையைப் பாரு" என்றாள். அதுவும் நியாயம்தான்.

வேறு தாள் வாங்கிவந்து கால் மணி நேரம் ஒரு கோடுகூடப் போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள். பிறகு பென்சிலால் தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். இடதுபக்கம் சலவைத் தொட்டி. அதில் போடும் சோப்புக் கட்டிகள் மீது சம்பளம், விதி, வசதி, மேலதிகாரி. பக்கத்தில் ஒரு தனி அளவுகோல். 'அழுக்கு = புலம்பல்' என்று தொடங்கி 'அழுக்கில்லை'யோடு நின்றது. வலதுபக்கம் இஸ்திரிப் பெட்டி. அதன்மேல் ஆவியாகப் பாராட்டு, பொறுப்பு, சாதனை, வளர்ச்சி, வேலையின் சுவை. அதற்கும் தனி அளவுகோல். 'மொடமொடப்பில்லை'யில் தொடங்கி 'மொடமொடப்பு = வேலைப் பிடிப்பு' வரை. நடுவில் பெரிய எழுத்தில் ஒரே வரி: "எவ்வளவு துவைத்தாலும் இஸ்திரி ஆகாது." கீழ் மூலையில் ஒரு கேள்விக்குறி போட்டு, "முதல் ஆய்வு பொறியாளர்கள், கணக்காளர்களிடம் மட்டும். எல்லோருக்கும் பொருந்துமா?" என்று சின்ன எழுத்தில் எழுதினாள். மேடம் போகிற போக்கில் சொன்னது. என் நாலு பக்கத்தில் அது இல்லவே இல்லை.

பென்சிலுக்கு மேல் மை போட நேரம் போதவில்லை. தொட்டி கோணல். இஸ்திரிப் பெட்டி வாத்து மாதிரி இருந்தது.

மணி அடித்ததும் மேடம் கீழ்த்தள நகல் அறையிலிருந்து ஜெராக்ஸ் போடும் பெண்ணை அழைத்துவந்தார். தினம் ஆயிரம் பக்கம் பாட நோட்ஸை நகலெடுக்கிறவள். ஒரு வரிகூடப் படித்ததில்லை என்று அவளே சிரித்தாள். முதலில் என் தாள். ரெண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "சம்பளம் பத்தி ஏதோ..." என்று இழுத்தாள். இன்னும் நாலு பேருடையதற்கும் அதே கதைதான். பிறகு அக்காவுடையது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வளையல் உடையாத குறை.

அந்தப் பெண் முதலில் வாத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. விரலால் இடதுபக்கம் தொட்டு, வலதுபக்கம் போய், மறுபடி இடதுபக்கம் வந்தாள்.

"துவைச்சா அழுக்கு போகும். அதோட சரி. சும்மா சுருங்கிக் கிடக்கும். மொடமொடன்னு நிக்கணும்னா இஸ்திரி போடணும், அது வேற வேலை. ஆளுங்களும் அப்படித்தான்னு சொல்றாங்க. இல்லீங்களா மேடம்?"

"இஸ்திரி மட்டும் போட்டா?" என்றார் மேடம்.

"அழுக்கு அப்படியே இருக்குமே. புலம்பல் நிக்காது." அவளே தொடர்ந்தாள். "எனக்குப் போன வருஷம் புது மெஷின் குடுத்தாங்க, ஏசி போட்டாங்க, சம்பளமும் ஏத்தினாங்க. நான் புலம்பறத நிறுத்திட்டேன். ஆனா காலையில கிளம்பவே மனசு வராது. எனக்குத்தான் கொழுப்புன்னு நினைச்சுட்டிருந்தேன் மேடம்."

மேடம் அக்காவின் தாளில் நாற்பத்து மூன்று என்று எழுதி வட்டம் போட்டார். நான் கத்தியே விட்டேன். அக்கா மார்க்கைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"நான் போட்டது உனக்குப் புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுதுக்கா." அவள் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தயங்கினாள். "இத ஒரு காப்பி எடுத்துக்கட்டுமா? எனக்கு."