நான் வாசிக்காமல் விட்ட வரி

அப்பா விருதுநகரில் ஓர் அரசு அலுவலகத்தில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் வீட்டுச் செலவுக்குப் போதவில்லை. அதனால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் காவலாளி வேலைக்குச் சேர்ந்தார். நான் அப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வூதியம் வாங்க ஒவ்வொரு மாதமும் ஆங்கிலத்தில் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். அரசிலோ, உள்ளாட்சி நிதியிலோ சம்பளம் வாங்கும் வேலை எதிலும் இல்லை என்று அதில் ஒரு உறுதிமொழி உண்டு. அப்பாவுக்குத் தமிழில் கையெழுத்துப் போடத்தான் தெரியும். படிவத்தை நிரப்பியது நான். அந்த வரியைப் படித்தேன், புரிந்தும் இருந்தது. ஓய்வூதியம் நின்றுவிடும் என்று பயந்து அப்பாவிடம் வாசிக்காமலே கையெழுத்து வாங்கினேன். இப்படி ஒன்பது மாதம் போயிற்று.

தணிக்கையில் விஷயம் வெளிப்பட்டது. பதினோரு மாத ஓய்வூதியத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கருவூலத்திலிருந்து கடிதம் வந்தது.

இருவரும் அங்கே போனோம். அப்பா ஒரு காலத்தில் கோப்பு தூக்கிக்கொண்டு போய்வந்த இடம்தான் அது. பழகிய முகங்கள் நிமிர்ந்து பார்த்தன. அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

எழுத்தர் படிவங்களை எடுத்துப் போட்டார். "இது உங்க கையெழுத்துதான?"

"என் கையெழுத்துதாங்கய்யா."

"வேலைல இல்லன்னு எழுதியிருக்கு. படிச்சுப் பாக்கலையா?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தான் போட்டேன். தப்பு எம்மேலதான்."

"அவருக்கு அதுல என்ன இருக்குன்னே தெரியாது. படிச்சது நான். நாந்தான் சொல்லல," என்றேன்.

எழுத்தர் படிவங்களை அடுக்கி வைத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஏமாத்தணும்னு செய்யலன்னு எழுதிக் குடுங்க. எந்த மாசத்துக்கு எம்புட்டுன்னு கணக்கு கேளுங்க. வேலைல சேந்த தேதிக்கு அத்தாட்சி வாங்கிட்டு வாங்க. மொத்தமா கட்ட முடியலன்னா தவணை கேளுங்க. பதில் போடாம மட்டும் இருந்துராதீக."

அத்தாட்சி வாங்கிப் பார்த்தபோது, நியமன ஆணை வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அப்பா வேலையில் சேர்ந்திருந்தார். கருவூலத்தில் ஆணைத் தேதியிலிருந்து கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த இரண்டு மாதத்தைக் கழித்தார்கள். மீதியை ஓய்வூதியத்திலேயே மாதாமாதம் பிடித்துக்கொள்ள உத்தரவு வந்தது. அப்பா காவல் வேலையை விட்டார்.

என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அடுத்த மாதம் படிவத்தை எடுத்துக்கொண்டு எதிரில் இருந்த தபால்காரர் வீட்டுக்குப் போனார். வாசலில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டித்தான் போனார். "ஒவ்வொரு வரியா வாசிச்சுச் சொல்லுங்க," என்று அங்கே அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.