ஓட்டு மேல் போன பல்

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் விளையாட்டு டீச்சராக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில். விசில், சேலையை இழுத்துச் செருகின இடுப்பு, ஊர் கேட்கிற தொண்டை. எனக்குப் பின்னால் பிள்ளைகள் என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாதது மாதிரி நடித்தேன், அவ்வளவுதான்.

அந்த வருஷம் என் கோ-கோ அணிக்கு உயிரே ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைதான். ஒல்லிக்குச்சி. ஓடினால் கால் தரையில் படுதா இல்லையா என்று சந்தேகம் வரும். அப்பா இல்லை. அம்மா வாழைத் தோட்டத்தில் கூலி. அந்த அம்மாவைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூணு தடவை வீட்டுக்குப் போய்க் கெஞ்சின பிறகு, "சரி டீச்சர், உங்களுக்காக விடுதேன். ஆனா மூஞ்சில ஒரு கீறல் விழுந்தாலும் அன்னைக்கே ஆட்டத்தையும் நிறுத்திருவேன், படிப்பையும் நிறுத்திருவேன். பொட்டப்பிள்ள. நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றாள். சொன்னால் செய்கிறவள். நானும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

மாவட்டப் போட்டிக்கு முந்தின வாரம், காலைப் பயிற்சி. துரத்தி வந்தவளுக்குத் தப்ப அவள் ஆட்டக் கோட்டின் கடைசியில் நட்டிருந்த மரக் கம்பத்தைப் பிடித்துச் சுற்றினாள். கை வழுக்கியது. முகம் போய்க் கம்பத்தில் மோதின சத்தம் எனக்கு மைதானத்தின் இந்தக் கடைசிக்குக் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் வாயெல்லாம் ரத்தம். மேல் வரிசையில் முன்பல் ஒன்று இருந்த இடம் காலி.

முதலில் தலையைத்தான் பார்த்தேன். மயக்கம் இல்லை, வாந்தி இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கடிக்கக் கொடுத்து உட்கார வைத்தேன். அப்புறம் பல். எங்கே பல்? புல்லில் தேடினோம், மண்ணில் தேடினோம். காணோம்.

துரத்தி வந்தவள் ஓரமாக நின்று ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாள். தன்னால்தான் என்று பயம்.

"ஏட்டி, நீ பல்லைப் பாத்தியா?"

"ஓட்டு மேல எறிஞ்சிட்டேன் டீச்சர்."

"என்னது?"

"கூரையில போட்டாத்தான முளைக்கும்? சாணியில உருட்டித்தான் எறியணும். சாணி கெடைக்கல, வெறுமனே எறிஞ்சிட்டேன். முளைக்குமா டீச்சர்?"

எனக்கு அடிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பால்பல் விழுந்தால் எல்லாரும் செய்கிறதுதான். அது விழத்தான் செய்யும், அடியில் இன்னொன்று காத்திருக்கும். இது பதினைந்து வயசுப் பிள்ளையின் பல்! "சவத்து மூதி, இது விழுந்தா முளைக்காதுட்டீ! இருக்கிறது இது ஒண்ணுதான்!" என்று கத்தினேன். அவள் அழுகை இன்னும் கூடிவிட்டது.

உடற்கல்விப் பயிற்சியில் முதலுதவி வகுப்பெடுத்த பல் டாக்டர் ஒருத்தர் சொன்னது அரைகுறையாக ஞாபகம் இருந்தது. பிடுங்கிக்கொண்டு வந்த பல்லைத் திரும்ப நடலாம். ஆனால் அது காயக்கூடாது. அரை மணிக்குள் என்றால் நல்ல நம்பிக்கை. வெளியே காய்ந்தபடி ஒரு மணி நேரம் கிடந்துவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. இங்கே அது வெயிலில் காய்கிற ஓட்டின் மேல் கிடக்கிறது.

வாட்ச்மேனின் ஏணியைச் சுவரில் சாத்தி நானே ஏறினேன். தலைமையாசிரியை கீழே நின்று, "இறங்குங்க, என்ன அநியாயம் இது, பிள்ளைக பாக்குது!" என்றார். பார்க்கட்டும். ஓடு கையைச் சுட்டது. கீழே நின்ற பிள்ளைகள் "அங்கன டீச்சர், இல்ல இங்கன" என்று ஆளுக்கொரு திசை காட்டினார்கள். கடைசியில் அது உருண்டு வந்து கூரை இறவாரத்தின் விளிம்பில், இரண்டு ஓட்டுக்கு நடுவில் சிக்கிக் கிடந்தது. முழுப் பல். வெளியே தெரிகிற வெள்ளைப் பகுதியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து எடுத்தேன். அடியில் நீளமாக வேர். வாய்க்குள் இருக்கும்போது சின்னதாகத் தெரிகிற பல்லுக்கு இவ்வளவு வேரா என்று அந்த அவசரத்திலும் தோன்றியது.

இறங்கினதும் ஆயாம்மா ஓடி வந்து, "குடுங்க டீச்சர், சாம்பல் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவித் தாரேன்" என்று கை நீட்டினாள். நல்ல மனசுதான். ஆனால் தேய்த்திருந்தால் தொலைந்தோம். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டி வரச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை அறைக்கு ஓடினேன். அங்கே ஒரு போன் இருந்தது. பாளையங்கோட்டையில் தெரிந்த பல் டாக்டருக்குத் தலைமையாசிரியையே நம்பரைச் சுழற்றிக் கொடுத்தார். இறங்கச் சொன்னவர்தான். நல்ல வேளை, உடனே கிடைத்தது.

டாக்டர் பதறவே இல்லை. "வேரைத் தொடாதிய. தேய்க்காதிய. மண்ணு இருந்தா குழாய்த் தண்ணியில சும்மா ஒரு அலசு, அவ்வளவுதான். வேர் மேல மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும், உயிர் அதுலதான் இருக்கு. முடிஞ்சா அங்கனயே பல் இருந்த குழியில வச்சு அழுத்திட்டுத் துணியைக் கடிக்கச் சொல்லுங்க. அதைவிட நல்லது ஒண்ணும் கிடையாது."

ரிசீவரைத் தலைமையாசிரியை கையில் கொடுத்துவிட்டுப் பல்லை அலசினேன். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பக்கத்துப் பல்லோடு ஒத்துப் பார்த்து, குழி கிட்டே கொண்டுபோனேன். பிள்ளை வீறிட்டுத் தலையைத் திருப்பிவிட்டது. இன்னொரு தடவையும் அப்படியே. கையிலிருந்து நழுவித் தொண்டைக்குள் போனால் என்ன செய்ய?

"முடியல டாக்டர்."

"அழுத பிள்ளைகிட்ட பல்லை வாயில ஒதுக்கி வைக்கவும் சொல்லாதிய, முழுங்கிரும். பால்ல போடுங்க. பச்சைப் பாலானாலும் சரி, காய்ச்சி ஆறினதானாலும் சரி. சூடு கூடாது, சீனி கூடாது, மோர் கூடாது. வெறுந் தண்ணியில ஊறப் போடாதிய, அந்தச் சவ்வு கெட்டுரும். பால்ல இருந்தா கொஞ்ச நேரம் தாங்கும். அதுக்காக அசந்துராதிய. எவ்வளவு சீக்கிரம் வரியளோ அவ்வளவு நல்லது."

பால் இருந்தது. பத்தரை மணி டீக்கு வந்த பச்சைப் பால், இன்னும் அடுப்பில் ஏறவில்லை. ஆயாம்மா செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பாலு லட்சுமி டீச்சர். ரத்தப் பல்லை அதுல போடவா? குடும்பம் வெளங்குமா?"

"லட்சுமி கோவிச்சா என்கிட்ட வரச் சொல்லுங்க. கொண்டாங்க!"

என் டிபன் டப்பாவிலிருந்த இட்லியைக் கொட்டி, நன்றாகக் கழுவி, பாலை ஊற்றிப் பல்லை மெல்ல விட்டேன். மூடியை இறுக்கினேன். ஆயாம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பஸ் அப்போதுதான் போயிருந்தது. ரோட்டில் வாழைத்தார் ஏற்றி வந்த சின்ன லாரியைக் கை காட்டி நிறுத்தினேன். வழியிலேயே தோட்டம். வாட்ச்மேன் சைக்கிளில் முன்னால் போய்ச் சொல்லியிருந்ததால் அம்மாக்காரி வரப்பைத் தாண்டி ரோட்டுக்கு ஓடி வந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு பள்ளத்தில் லாரி குதித்தது. டப்பாவின் ஓரத்தில் பால் கசிந்தது. "அண்ணாச்சி, பைய!" என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "அண்ணாச்சி, சீக்கிரம்!" என்றேன்.

"பையவா, சீக்கிரமாவா? ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லுங்க தாயீ" என்றார் டிரைவர்.

அப்போதுதான் அம்மாக்காரி வாயைத் திறந்தாள். "போன பல்லுக்கு எதுக்கு இந்த ஓட்டம்? பொய்ப்பல்லு கட்டிக்கிடலாம். ஆட்டம் முடிஞ்சிது. திங்கக்கெழமையிலேர்ந்து என்கூடத் தோட்டத்துக்கு வரட்டும்." மடியில் கிடந்த பிள்ளை சத்தமில்லாமல் அழுதது. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். வேறென்ன செய்ய?

டாக்டர் வாசலிலேயே நின்றார். காத்திருந்தவர்களை ஒதுங்கச் சொல்லி நேராக நாற்காலியில் உட்கார வைத்தார். ஈறில் மரத்துப்போக ஊசி. குழியில் உறைந்திருந்த ரத்தத்தை உப்புக் கரைசலால் பீய்ச்சி எடுத்தார். பல்லைப் பாலிலிருந்து எடுத்து அதே கரைசலில் அலசி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஓட்டு மேல எவ்வளவு நேரம் கெடந்துச்சு?" என்று கேட்டார். "கால் மணிக்கு உள்ளதான் இருக்கும்" என்றேன். விரலால் மெதுவாக உள்ளே தள்ளினார். அவசரமே இல்லை. பல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி வைத்துப் பசையால் ஒட்டினார். மண்ணில் விழுந்த பல் என்பதால் டெட்டனஸ் ஊசியும் போட்டார்.

"கஞ்சி, குழைஞ்ச சோறு. முன்பல்லால ஒண்ணும் கடிக்கக் கூடாது. பத்து நாளைக்குள்ள வேருக்குள்ள சுத்தம் பண்ணி அடைக்கணும், நரம்பு இனிப் பிழைக்காது" என்றார். அம்மாக்காரி, "நிக்குமா?" என்று கேட்டாள். "நிக்கும்னுதான் தோணுது. சத்தியம் பண்ண மாட்டேன். சில பல்லோட வேர் சில வருஷத்துல கரைஞ்சிரும். சிலது கடைசி வரைக்கும் இருக்கும்."

கம்பி எடுக்கிற நாளுக்கு நான் லீவு போட்டுப் போனேன். வேருக்குள் மருந்து வைத்து அடைத்தாகிவிட்டது. மாவட்டப் போட்டி வந்து போயிருந்தது. முதல் சுற்றிலேயே தோற்றோம், சொல்லவே வெட்கம். டாக்டர் கம்பியைக் கழற்றிப் பல்லை லேசாக ஆட்டிப் பார்த்தார். "பிடிச்சிருக்கு" என்றார். பிள்ளை கண்ணாடியை வாங்கிப் பார்த்தது. வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தது. அம்மாக்காரி எழுந்து போய் மகளின் மேல் உதட்டைத் தானே விரலால் தூக்கி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எப்ப ஓடலாம்?" பிள்ளை டாக்டரிடம் கேட்டதை நான் கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தேன். தப்பித்தவறி அம்மாக்காரி முகத்தைப் பார்த்துவிடக் கூடாது.

"ரெண்டு மாசம் போகட்டும்மா" என்றார் டாக்டர்.

வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ஸ்ரீவைகுண்டம் பஸ் வந்து நின்றது. அம்மாக்காரி மகளை முதலில் ஏற்றிவிட்டு, பஸ் படிக் கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், அந்தக் கம்பத்தைச் சுத்திக் கட்ட எத்தன பழைய சேலை வேணும்?"