துகளுக்கு மேலே ஒரு வழவழப்பு

ஈப்போவில் கணினி விளையாட்டுகள் செய்யும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். திரையில் ஓடும் கார்களின் மேல் ஒளி பட்டால் எந்தப் புள்ளி எந்த நிறத்தில் தெரியவேண்டும் என்று கணக்கிடும் சிறு நிரலை எழுதுவது என் பொறுப்பு. அதை ஷேடர் என்போம்.

அந்த முறை ஒரு நீலக் கார். சுரங்கப்பாதைக்குள் அது போகும்போது விளக்குகள் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். சாயத்தில் உலோகத் துகள்கள் மினுங்கவேண்டும். அதன்மேல் கண்ணாடிபோல் கிளியர் பூச்சு. ஒவ்வொரு துகளையும் வெவ்வேறு பக்கம் சாய்த்துவைத்திருந்தேன். மினுங்கத்தான் செய்தது. ஆனால் சர்க்கரை தூவிய பலகாரம் மாதிரி இருந்தது. இரண்டு வாரமாக எண்களை மாற்றியும் சரிவரவில்லை.

"துகளே வேணாம், எடுத்துடுலா. யாரு உத்துப் பாக்கப் போறா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

எனக்கு மனசு வரவில்லை. கண்ணை மூடினாலும் அந்த நீலம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நினைப்பிலேயே என் சொந்தக் காரைத் தூணில் உரசிவிட்டேன்.

ஈப்போவை அடுத்த லகாட்டில் ஒரு பட்டறை. அங்கே சாயம் அடிப்பவர் ஓர் அக்கா. நான் போனபோது, முந்தின நாள் முடித்த ஒரு கதவின்மேல் டார்ச் விளக்கை மெல்ல நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை, சுண்ணாம்புக்கல் குன்றுகள் பாதி கரைந்து நின்றன.

"என்னக்கா பாக்குறீங்க?"

"தூசி ஒட்டாம கிளியர் ஒழுங்கா உட்கார்ந்திருக்கான்னு பாக்குறேன்."

நானும் குனிந்தேன். விளக்கு நகர நகர, உள்ளே ஒரு துகள் எரிந்து அணையும், அடுத்தது எரியும். மேலே, கூரையின் குழல் விளக்கு ஒரே வெள்ளைக் கோடாக, சற்றும் உடையாமல் கிடந்தது. கோட்டில் மணலளவு சொரசொரப்புகூட இல்லை.

அங்கேயே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது.

"காடி சாவியத் தாறியாம்மா?" என்று அக்கா என் காரைக் காட்டிக் கேட்டதும்தான் நினைவு வந்தது.

துகளின் சாய்வையே நான் கிளியருக்கும் கொடுத்திருந்தேன். அதனால்தான் பிரதிபலிப்பும் பொடிப்பொடியாக உடைந்திருக்கிறது. மறுநாள் கிளியருக்குக் காரின் வழவழப்பான பரப்பைத் தனியே கொடுத்தேன். சாய்வுகளைத் துகள்களோடு நிறுத்திக்கொண்டேன். ஓரமாகப் பார்க்கும்போது கிளியர் அதிகம் பிரதிபலிக்கட்டும், அந்த அளவுக்கு அடிச்சாயம் மங்கட்டும் என்று எழுதினேன். ஓடவிட்டேன்.

கார் சுரங்கத்துக்குள் நுழைந்தது. விளக்குகள் நீண்ட வெள்ளை நாடாக்களாக மேலே வழிந்தன. அடியில், ஆழத்தில், நீலத்துக்குள் ஏதோ விழித்து விழித்து உறங்கியது. பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூன்று முறை திரும்ப ஓடவிடச் சொன்னார்.

என் கார் தயாரானதும் வாங்கப் போனேன். கைப்பேசியில் அந்தக் காட்சியை அக்காவிடம் காட்டினேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உன்னிப்பாகப் பார்த்தார்.

"நல்லா அடிச்சிருக்க," என்றார். "தூசி ஒண்ணுகூட ஒட்டலையே, எப்படிம்மா?"