விடைக்குறிப்பில் இல்லாத அணி

எங்கள் தீவில் எதற்கும் மதிப்பு வர வேண்டுமானால் அது கப்பலேறி வந்திருக்க வேண்டும். வெங்காயத்துக்கும் அதே விதி, அறிவுக்கும் அதே விதி.

போர்ட் பிளேர் கல்லூரி ஒன்றில் கணித விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். தலைமைத் தேர்வாளர் என்னைவிட மூத்தவர். கணிதத்தை மதிப்பார், விடைக்குறிப்பைக் கும்பிடுவார். ஒரு தாளில் ஒரு முழுப் பக்கத்தைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். அந்தக் கேள்விக்கு மார்க் விழுந்தால் அந்தப் பிள்ளை பாஸ். விழாவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

x³ − 6x² + 11x − 6 என்ற கோவையின் துணை அணியை எழுதி, அதன் ஐகன் மதிப்புகள் கோவையின் மூலங்களே, வேறெதுவும் இல்லை என்று காட்டச் சொன்ன கேள்வி அது. விடைக்குறிப்பில் கெழுக்கள் குறி மாறிக் கடைசி நிரலில் நின்றன. பிள்ளை அவற்றைக் கடைசி நிரையில் எழுதியிருந்தது: 0 1 0, அடுத்து 0 0 1, கடைசியில் 6 −11 6. நிரையை நிரலாக்கினால் ஐகன் மதிப்பு மாறாது. இரண்டுமே துணை அணிதான்.

"ஆன்சர் கீல இப்படி இல்லியே மேடம்," என்றார்.

"பெருக்கிப் பாருங்க சார். 1, t, t²னு ஒரு வெக்டர். மேல் ரெண்டு வரி t, t² தரும். கடைசி வரி 6 − 11t + 6t². t மூலமா இருந்தா அது t³ தானே? மொத்தமும் t மடங்கு. திருப்பிப் பார்த்தாலும், எந்த ஐகன் வெக்டரும் மேல் ரெண்டு வரியால இந்த வடிவத்துக்குத்தான் வரணும். அப்புறம் கடைசி வரி t மூலமா இருந்தாத்தான் ஒத்துக்கும். இந்தப் பிள்ளை அதைத்தான் எழுதியிருக்கு."

"அரே, கீ போட்டவரு மெயின்லேண்ட்ல எவ்ளோ பெரிய ஆளோ! அவரவிட உங்களுக்கு ஜாஸ்தி தெரியுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வினாத்தாளும் விடைக்குறிப்பும் நான் எழுதியவை. எதிர்க்கரையில் இருக்கும் என் பாம்பூஃப்ளாட் வீட்டில், குக்கர் விசிலுக்கு நடுவே. யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். கையெழுத்தா, பிள்ளையா என்று யோசித்தேன்.

"சார், அந்தப் பெரிய ஆளு நான்தான்."

அவர் முகம் தொங்கிப்போனது. "நீங்களா? அப்போ கீயே கலத்தா, தப்பா இருக்குமே!"

இத்தனை நேரம் அடிக்க மட்டுமே தொட்ட பேனாவை எடுத்து விறுவிறுவென்று பெருக்க ஆரம்பித்தார். 1, 2, 4 போட்டார். 2, 4, 8 வந்தது. ஒன்றும் மூன்றும் ஒத்து வந்தன. என்னை மடக்க ஐந்தைப் போட்டார். 125 வர வேண்டிய இடத்தில் 101 வந்தது. ஐந்து மூலமில்லை, அதனால் ஐகன் மதிப்பும் இல்லை. பிறகு பிள்ளையின் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, முழு மார்க் போட்டார்.

"இந்தப் புள்ள டீக் தான், சரியாத்தான் போட்டிருக்கு. உங்க மத்த கீ எல்லாத்தையும் நான் பாக்கணும்."

சாயங்காலப் படகில், கணிதம் ஜெயித்தது என்று எனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையைப் பாஸ் ஆக்கியது என் நிரூபணம் இல்லை, என்மேல் அவருக்கிருந்த அவநம்பிக்கை.